கடை கம்பெனி ஆகிவிட்டது, பழைய நோட்டீஸ் யாருக்கு?

கடைப் பலகையில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று சேர்த்து எழுதப் பெயிண்டருக்கு அரை நாள் போதும். கல்லாவில் அதே முதலாளி, அலமாரியில் அதே சரக்கு, வாசலில் அதே வாடிக்கையாளர். அதனால் கடை கம்பெனியாக ‘மாறிவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டத்தைக் கேட்டால் எதுவும் மாறவில்லை என்றுதான் சொல்லும். தனிநபர் கடையைக் கம்பெனியாக மாற்றிப் பதிவுசெய்ய நம் நாட்டுச் சட்டத்தில் வழியே கிடையாது. கூட்டு வியாபாரத்துக்கும் எல்.எல்.பி.க்கும் கம்பெனிகள் சட்டத்தின் 366ஆம் பிரிவில் அப்படி ஒரு வாசல் உண்டு. தனி முதலாளிக்கு அது இல்லை. அவர் புதிதாக ஒரு கம்பெனியைத் தொடங்கி, தன் வியாபாரத்தை அதற்கு ஒப்படைக்க வேண்டும்.

ஆக, இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் முதலாளி. அவருடைய பான் எண்ணின் நான்காவது எழுத்து P. இன்னொருவர் கம்பெனி. அதன் பான் எண்ணில் அந்த இடத்தில் C இருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணில் முதலில் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் அப்படியே பான் எண். பான் மாறினால் ஜி.எஸ்.டி. எண்ணும் மாறியே தீரும். பழைய பதிவில் பெயரை மட்டும் திருத்திக்கொள்ள முடியாது. இனி எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதில் இருப்பது யாருடைய பான் என்பதைத்தான். கடை கம்பெனியான பிறகு வரும் வரிச் சிக்கல்களில் பெரும்பாலானவை இதைப் பார்க்காததால் வருபவை.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஈரோட்டில் ஒருவர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். 2025 ஆகஸ்டில் அவரும் மனைவியும் இயக்குநர்களாகச் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவுசெய்தார்கள். பதிவோடு கம்பெனிக்கு பான் எண்ணும், டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய டான் எண்ணும் கிடைத்தன. அக்டோபர் 1 முதல் வியாபாரம் கம்பெனியுடையது என்று முடிவு. செப்டம்பர் 30 இரவு கணக்கு முடித்தபோது சரக்கு 38 லட்சம், வர வேண்டிய பாக்கி 22 லட்சம், வண்டியும் அலமாரிகளும் 6 லட்சம், ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு 3 லட்சத்து 40 ஆயிரம், வங்கியில் 60 ஆயிரம். மொத்தம் 70 லட்சம். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 26 லட்சம், வங்கி ஓ.டி. 14 லட்சம். கழித்தால் முதலாளியின் சொந்த மூலதனம் 30 லட்சம்.

இந்த 30 லட்சத்தைக் கம்பெனி அவருக்கு எப்படித் தருகிறது என்பதில்தான் வருமான வரியின் முதல் கண்ணி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47(xiv) பிரிவு, இப்படி ஒப்படைப்பதால் மூலதன ஆதாய வரி வராது என்று சலுகை தருகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வியாபாரத்தின் எல்லாச் சொத்துகளும் எல்லாக் கடன்களும் கம்பெனிக்குப் போக வேண்டும். முதலாளியிடம் கம்பெனியின் வாக்குரிமையில் குறைந்தது பாதி இருக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல். மூன்றாவதாக, ஒப்படைத்ததற்கு ஈடாக அவர் பங்குகளைத் தவிர வேறு எதையும் நேராகவோ சுற்றிவளைத்தோ பெறக் கூடாது.

பலர் தவறுவது மூன்றாவதில்தான். மூலதனம் முழுவதையும் பங்காக்க வேண்டாமே என்று 1 லட்சத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மீதி 29 லட்சத்தைக் கம்பெனிக் கணக்கில் ‘இயக்குநர் கடன்’ என்று எழுதிவிடுவார்கள். வேண்டும்போது வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அந்தக் கடன் வரவே பங்கல்லாத ஓர் ஈடு. சலுகை அங்கேயே போய்விடும். நம் ஈரோட்டுக்காரர் 30 லட்சத்துக்கும் பத்து ரூபாய் முகமதிப்பில் 3 லட்சம் பங்குகளை எடுத்துக்கொண்டார். மனைவி 1 லட்சம் ரொக்கம் போட்டு 10 ஆயிரம் பங்குகள் வாங்கினார். 2030 செப்டம்பர் வரை கணவரின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இடையில் மகனுக்குத் தானமாக எழுதிக்கொடுத்து இறங்கினாலும் நிபந்தனை மீறியதுதான். அன்று விட்டுக்கொடுத்த வரியைக் கம்பெனியிடமிருந்து வசூலிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரக்கு மூலதனச் சொத்தில் சேராது. வெறும் சரக்கும் நாலு அலமாரியும் உள்ள கடைக்கு இந்தச் சலுகை போனாலும் பெரிய நஷ்டம் வராது. இடம், கட்டடம், மதிப்புள்ள இயந்திரம் இருப்பவர்களும், பழைய நஷ்டத்தைக் கம்பெனிக்கு எடுத்துச்செல்ல நினைப்பவர்களும்தான் இதில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது. கடைக் கட்டடம் சொந்தமாக இருந்து, அது வியாபாரக் கணக்கில் ஏறாமல் முதலாளியின் தனிச் சொத்தாக இருந்தால், கம்பெனிக்கு வாடகைக்கு விடுவதே நல்லது. கம்பெனி பெயருக்கு எழுதப் போனால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எடுத்துவைக்க வேண்டும்.

வரி அலுவலகத்துக்குச் சொல்வது என்று வரும்போது ஜி.எஸ்.டி. பக்கம் வேலை அதிகம், அதில் வரிசை முக்கியம். கம்பெனிக்குப் புதிய ஜி.எஸ்.டி. எண் முதலில் வர வேண்டும். ஏனென்றால் பழைய எண்ணை ரத்துசெய்யும் விண்ணப்பத்தில், வியாபாரம் யாருக்குப் போனது என்று புதிய எண்ணைக் கேட்பார்கள். ஓடுகிற வியாபாரம் கைமாறினால், வாங்குபவர் கைமாறிய நாளிலிருந்தே பதிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 22(3) பிரிவு. விற்றுமுதல் வரம்பைத் தாண்டும்வரை காத்திருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ஒப்படைப்பு ஒப்பந்தம். இதில் ‘அனைத்துச் சொத்துகளும் கடன்களும் பொறுப்புகளும் கம்பெனியைச் சேரும்’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை நம்பித்தான் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரவு கைமாறுகிறது. பொறுப்புகளும் சேர்ந்து போனால்தான் உள்ளீட்டு வரி வரவும் போகலாம் என்கிறது 18(3) பிரிவு. அப்படிப் போயிருக்கிறது என்று ஒரு பட்டயக் கணக்காளரோ செலவுக் கணக்காளரோ சான்று தர வேண்டும். பழைய எண்ணின் லாகினில் செப்டம்பர் வரையிலான எல்லா ரிட்டர்ன்களையும் போட்டு முடித்துவிட்டு, அந்தச் சான்றுடன் ITC-02 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி தன் லாகினில் அதை ஏற்றுக்கொண்டதும் வரவு அதன் பேரேட்டில் ஏறும். ரொக்கப் பேரேட்டில் கிடக்கும் பணம் இந்த வழியாகப் போகாது. அதைக் கடைசி ரிட்டர்னில் செலவழித்துவிடலாம், இல்லையேல் தனியாக ரீஃபண்ட் கேட்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே REG-16 படிவத்தில் பழைய எண்ணை ரத்துசெய்யக் கேட்க வேண்டும். சட்டம் தரும் கெடு, கைமாறிய நாளிலிருந்து 30 நாள். அவசரப்பட்டு முதலில் ரத்துசெய்தவர்களின் வரவுதான் பழைய பேரேட்டில் சிக்கிக் கிடக்கிறது. ரத்து உத்தரவு வந்த பின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் உண்டு. சரக்கெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டதால் கையிருப்பு இல்லை என்றே அதில் வரும். ஆனாலும் தாக்கல் செய்தாக வேண்டும். விட்டவர்களுக்கு அதற்கென்றே தனி நோட்டீஸ் வரும்.

சரக்கு கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும் வேண்டும். அக்டோபருக்குப் பிறகும் யாராவது பழைய எண்ணில் பில் போட்டால் அந்த வரவு பழைய எண்ணின் கணக்கில் போய் விழும், கம்பெனிக்குக் கிடைக்காது.

சிலர் இந்தச் சுற்றே வேண்டாம் என்று கடைசி நாளில் சரக்கு முழுவதையும் கம்பெனிக்கு பில் போட்டு விற்றுவிடுவார்கள். சட்டப்படி தவறில்லை. ஆனால் 38 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் வரி 6 லட்சத்து 84 ஆயிரம். கையிலுள்ள வரவு போக 3 லட்சத்து 44 ஆயிரத்தை முதலாளி ரொக்கமாகக் கட்ட வேண்டும். கம்பெனிக்கு முழு வரவும் கிடைக்கும் என்றாலும், அது தீரும்வரை பணம் அங்கேயே முடங்கும். வியாபாரத்தை ஓடுகிற நிலையில் முழுதாக ஒப்படைத்தால் அந்தக் கைமாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மிகச் சிறிய கடைக்கு பில் போடும் வழி எளிது. இந்த அளவுக் கடைக்கு அது வீண் சுமை என்பேன்.

வருமான வரித் துறையில் ரத்துசெய்ய எதுவும் இல்லை. பான் எண் மனிதருடையது, அது அவரோடு இருக்கும். 170ஆம் பிரிவின்படி செப்டம்பர் 30 வரையிலான லாபம் முதலாளியின் ரிட்டர்னில், அதற்குப் பிந்தையது கம்பெனியின் ரிட்டர்னில். இன்ன தேதியில் வியாபாரம் இன்ன கம்பெனிக்குப் போனது என்று ஒப்பந்த நகலுடன் இருவருக்கும் உரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்கி வைப்பது நல்லது. பின்னாளில் முதலாளியின் விற்றுமுதல் ஏன் பாதியாகக் குறைந்தது என்ற கேள்வி வந்தால் அந்தக் கடிதம் பேசும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டுகளின் விவகாரங்கள் மட்டும் பழைய சட்டப்படியே நடக்கும்.

ஒப்படைக்கும் நேரத்திலேயே முதலாளியின் பேரில் வருமான வரி நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். நடவடிக்கை நடக்கும்போது நிலம், கட்டடம், இயந்திரம், வைப்புத்தொகை போன்றவற்றைக் கைமாற்றினால், அந்தக் கைமாற்றம் வரிப் பாக்கிக்கு எதிராகச் செல்லாது என்கிறது 281ஆம் பிரிவு. சரக்குக்கு இது பொருந்தாது. மதிப்பீட்டு அதிகாரியிடம் முன்அனுமதி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது கேட்டுவிட வேண்டும்.

இனி நோட்டீஸ். ‘கடையைத்தான் மூடிவிட்டோமே, இல்லாத கடைக்கு நோட்டீஸ் எப்படிச் செல்லும்?’ என்பது கடைத்தெருவில் அடிக்கடி காதில் விழும் வாதம். இதற்குத் துணையாக 2019இல் உச்ச நீதிமன்றம் மாருதி சுஸுகி வழக்கில் தந்த தீர்ப்பையும் காட்டுவார்கள். அங்கே இணைப்பில் கரைந்து இல்லாமலே போன ஒரு கம்பெனியின் பேரில் மதிப்பீடு செய்திருந்தார்கள், அதனால் செல்லாது என்றார்கள். இங்கே கரைந்துபோனவர் யாரும் இல்லை. கடை என்றுமே சட்டத்தில் தனி ஆளாக இருந்ததில்லை. அது முதலாளியேதான், அவர் உயிரோடு இருக்கிறார். பழைய ஆண்டுக்கு அவர் பேரில், அவர் பான் எண்ணில் வரும் நோட்டீஸ் சரியான நோட்டீஸ்தான்.

ஜி.எஸ்.டி.யில் இன்னும் இறுக்கம். பதிவை ரத்துசெய்தாலும் முந்தைய காலத்துப் பொறுப்பு போகாது என்று 29(3) பிரிவு சொல்கிறது. வியாபாரம் கைமாறினால், கைமாறிய நாள் வரையிலான வரி, வட்டி, அபராதம் மூன்றுக்கும் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று 85ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தொகை கைமாறிய பிறகு முடிவானதாக இருந்தாலும் அப்படித்தான். அதாவது நோட்டீஸ் முதலாளிக்கு வந்தாலும், பாக்கிக்காகக் கம்பெனியின் வங்கிக் கணக்கையும் தொடலாம்.

எவ்வளவு காலம்? மோசடி என்று குற்றம் சாட்டாத சாதாரண விவகாரங்களில், 2022-23ஆம் ஆண்டுக்கான நோட்டீஸ் 2026 செப்டம்பர் வரை வரலாம். 2023-24க்கு 2027 செப்டம்பர் வரை. 2024-25 முதல் விதி மாறியது, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 42 மாதம். அந்தக் கணக்கில் நம் கடையின் கடைசி ஆறு மாதம் அடங்கிய 2025-26க்கு 2030 ஜூன் 30 வரை நோட்டீஸ் வர இடமிருக்கிறது.

ஈரோட்டுக்காரருக்கு 2026 ஆகஸ்டில் 2022-23க்காக DRC-01 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிட்டர்னில் எடுத்த வரவு, GSTR-2B காட்டும் வரவைவிட 1 லட்சத்து 86 ஆயிரம் அதிகம் என்பது குற்றச்சாட்டு. நோட்டீஸ் தபாலில் வருவதில்லை. ரத்தான பழைய எண்ணின் லாகினில் போய் உட்கார்ந்திருக்கும். மெயிலும் எஸ்.எம்.எஸ்.ஸும் பதிவில் உள்ள முகவரிக்கும் எண்ணுக்கும் போகும். நம் ஊரில் பல கடைகளின் பதிவில் இருப்பது ஆடிட்டர் அலுவலகத்தில் என்றோ வேலை பார்த்த ஒருவரின் மொபைல் எண். ரத்துசெய்வதற்கு முன்பே அதை முதலாளியின் சொந்த எண்ணுக்கு மாற்றாவிட்டால், தனக்கு நோட்டீஸ் வந்ததே வங்கிக் கணக்கு முடங்கிய நாளில்தான் அவருக்குத் தெரியும். லாகினில் பார்க்கும்போதும் இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும், View Notices and Orders ஒன்று, View Additional Notices and Orders மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பதிலை முதலாளி தன் பெயரில், பழைய எண்ணின் லாகினிலிருந்து தர வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கம்பெனி முத்திரை குத்திக் கொடுப்பது பதிலாகாது. வியாபாரம் கைமாறிய விவரத்தை ஒரு பத்தியில் சொல்லி, ஒப்பந்தத்தையும் ரத்து உத்தரவையும் இணைத்துவிட்டு, நேரே கணக்குக்கு வந்துவிட வேண்டும். நம் உதாரணத்தில் பழைய பில்களை எடுத்துச் சரிபார்த்தால் 1 லட்சத்து 44 ஆயிரம், சரக்கு கொடுத்த ஒருவர் தாமதமாக ரிட்டர்ன் போட்டதால் அடுத்த ஆண்டின் 2B-யில் வந்திருக்கிறது. எந்த மாதம், எந்த பில் என்று அட்டவணை போட்டுக் காட்டினால் அதில் மிஞ்சுவது வட்டிப் பேச்சுதான். மீதி 42 ஆயிரம், ரிட்டர்னே போடாமல் போன ஒருவருடையது. இதற்குச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி, மூன்று ஆண்டு நான்கு மாதத்துக்கு 25 ஆயிரத்து 200. இரண்டையும் சேர்த்து 67 ஆயிரத்து 200 ரூபாயைப் பழைய எண்ணிலிருந்தே DRC-03 மூலம் கட்ட வேண்டும். நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் கட்டிவிட்டால் 73ஆம் பிரிவின்படி அந்தப் பகுதிக்கு அபராதம் இல்லை.

இந்தப் பணத்தை யார் தருவது? ஜி.எஸ்.டி. வியாபாரத்தின் கடன். ஒப்பந்தத்தில் பொறுப்புகள் கம்பெனிக்கு என்று எழுதியிருப்பதால் கம்பெனி தரலாம். வருமான வரிப் பாக்கி அப்படியல்ல. அது முதலாளி என்ற மனிதரின் சொந்தக் கடன். பழைய ஆண்டுக்கு வருமான வரி கேட்டு வந்தால் அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும். கம்பெனிக் காசில் கட்டினால் அவருக்கு வேறு வழியில் பயன் கிடைத்ததாகும், மேலே சொன்ன மூன்றாவது நிபந்தனையையே அது ஆட்டிவிடும். அவரிடம் வசூலாகவில்லை என்றால் கம்பெனியிடம் கேட்க 170(3) பிரிவு இடம் தருகிறது. அது துறையின் உரிமை, முதலாளியின் வசதி அல்ல.

நோட்டீஸைப் பார்க்காமலே விட்டு உத்தரவும் வந்துவிட்டால், மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். தகராறு செய்யும் வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்தக் கெடுவும் போனால் உயர் நீதிமன்றம்தான். போர்ட்டலில் போட்டதைக் கவனிக்காமல் ஒருதலையாக முடிந்த வழக்குகள் பலவற்றில், சென்னை உயர் நீதிமன்றம் வரியில் ஒரு பங்கைக் கட்டச்சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. கிடைக்கும் என்பதற்காக அதை நம்பி இருக்க முடியாது. வக்கீல் செலவே மேலே கண்ட 67 ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே, கடையைக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர்கள் பழைய ஜி.எஸ்.டி. எண்ணின் லாகினையும் கடவுச்சொல்லையும் ஆடிட்டரிடம் மட்டும் விட்டுவிடாமல் தாங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை திறந்து இரண்டு பக்கங்களையும் பாருங்கள். பழைய பில்களையும் புத்தகங்களையும் எடைக்குப் போட வேண்டாம். ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.